பாட்டின் ஒரு துண்டை ரிங்டோனாக வைப்பதும், அது மாறிப்போகாமல் காப்பதும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலத்தில் கணக்கு எழுதும் என் அப்பாவுக்கு, அக்கா மகள் பாடிய பாட்டை ரிங்டோனாக வைத்துக் கொடுக்கப் போய், நான் மூன்று வாரம் அலைந்தேன். முதல் முறை வைத்தபோது இயந்திரச் சத்தத்தில் பாட்டு காதிலேயே விழவில்லை. இரண்டாம் முறை பல்லவியின் முதல் எழுத்து வெட்டுப்பட்டுப் போனது. மூன்றாம் முறை எல்லாம் சரியாக அமைந்து, பத்து நாள் கழித்துப் பழைய ட்ரிங் ட்ரிங் சத்தமே திரும்ப வந்துவிட்டது. போன் பழுது பார்க்கும் கடையில் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் ஒரு வாரம்தான் நின்றது. ஒவ்வொரு முறையும் எது தவறியது என்று தேடிக் கண்டுபிடித்ததை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். இது ஆண்ட்ராய்டு போன்களுக்கானது; ஐபோனில் வழி வேறு.

முதல் முறை செய்பவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதில் பாதி, எங்கே வெட்டுவது என்று கேட்டுக் கேட்டு முடிவு செய்வதற்கே போகும். பணச் செலவு எதுவும் இல்லை.

## 1. உங்களுக்கு வேண்டியது ரிங்டோன்தானா என்று பாருங்கள்

ரிங்டோன் என்பது அழைப்பு வரும்போது உங்கள் போனில் ஒலிப்பது. காலர் டியூன் என்பது உங்களை அழைப்பவர் காதில் கேட்பது. இரண்டாவது உங்கள் போனிலேயே இருப்பதில்லை. அது சிம் நிறுவனம் தரும் சேவை. சில திட்டங்களில் அது இலவசம், மற்றவற்றில் மாதந்தோறும் பணம் பிடிப்பார்கள். ரிங்டோன் வேண்டும் என்று கேட்டுக் காலர் டியூனுக்குச் சம்மதம் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. என் அப்பாவின் எண்ணிலும் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது கேட்கவே கேட்காது என்பதால் மாதக்கணக்கில் தெரியவில்லை. வேண்டாத சேவையை நிறுத்த 155223 என்ற எண்ணை அழைக்கலாம்.

## 2. பாட்டு ஒரு கோப்பாகக் கையில் இருக்க வேண்டும்

பாட்டுக் கேட்கும் செயலிகளில் டவுன்லோட் என்று அழுத்திச் சேமிக்கும் பாட்டு, அந்தச் செயலிக்குள் மட்டுமே ஒலிக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். அதை வெட்டவும் முடியாது, ரிங்டோன் பட்டியலில் அது தெரியவும் செய்யாது. எனவே mp3, m4a, ogg, wav போன்ற வடிவங்களில் தனிக் கோப்பாக உள்ள பாட்டுதான் வேண்டும். நீங்கள் வாங்கிய பாட்டாகவோ, வீட்டில் பதிவு செய்ததாகவோ இருந்தால் சிக்கல் இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்த பாட்டாக இருந்தால், அது வந்த இடத்திலேயே வைத்து ரிங்டோனாக்காதீர்கள். முதலில் அதை வேறொரு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். ஏன் என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன். எங்கள் பத்து நாள் ரிங்டோன் போனதற்கு இதுதான் காரணம்.

## 3. எங்கே தொடங்குவது, எவ்வளவு நீளம் வைப்பது

நீளத்தை முடிவு செய்ய ஒரு கணக்கு இருக்கிறது. யாரும் எடுக்காத கைபேசி அழைப்பு 30 விநாடியும் தரைவழித் தொலைபேசி அழைப்பு 60 விநாடியும் ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் நிர்ணயித்தது. ஆகவே 30 விநாடிக்கு மேல் எதை வைத்தாலும் அது ஒலிக்கும் முன்பே அழைப்பு நின்றுவிடும். முழுப் பாட்டையும் வைப்பவர்கள் கேட்பதெல்லாம் பல்லவிக்கு முந்தைய முன்னிசையை மட்டுமே. அந்த முன்னிசை பெரும்பாலும் மெதுவாகத் தொடங்கும் என்பதால், போன் சட்டைப்பையில் இருக்கும்போது முதல் பத்து விநாடி வீணாகிவிடும். துண்டு முதல் விநாடியிலேயே முழுச் சத்தத்தில் தொடங்க வேண்டும்.

எந்த ஓசையில் தொடங்குவது என்பதும் முக்கியம். போனின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளைத் தர முடியாது. தவிலின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிட்டாரும் அதில் ஏறக்குறைய காணாமல் போகும். துறைமுகத்தில் டீசல் இன்ஜின் இரைச்சலும் தாழ்ந்த ஒலிதான், அது மிச்சத்தையும் விழுங்கிவிடும். தாளக்கட்டில் தொடங்கிய என் முதல் துண்டு கேட்காமல் போனது அதனால்தான். குரல், நாகசுரம், புல்லாங்குழல், வயலின் போன்றவை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். வீட்டில் அமைதியான அறையில் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். மிக்ஸியை ஓடவிட்டுக் கொண்டு, போனை அடுத்த அறையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது தாளம். துண்டு முடிந்ததும் போன் அதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வெட்டு தாளத்தின் நடுவில் விழுந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு தடுக்கி விழுவது போலக் கேட்கும். எனவே துண்டின் நீளம் முழு ஆவர்த்தனங்களாக, அதாவது தாளத்தின் முழுச் சுற்றுகளாக இருக்க வேண்டும். எங்கள் பாட்டு ஆதி தாளம். கையால் தாளம் போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன்: எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனத்துக்கு 5 விநாடி ஆனது. ஐந்து ஆவர்த்தனம் எடுத்தால் 25 விநாடி, 30-க்குள் அடங்குகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் பல்லவியின் ஒவ்வொரு வரியும் இரண்டு ஆவர்த்தனம் நீண்டது. ஐந்தாவதில் வெட்டினால் மூன்றாம் வரி பாதியில் அறுந்துவிடும். எனவே நான்கு ஆவர்த்தனம், அதாவது 20 விநாடி எடுத்தேன். 30 விநாடி அழைப்பில் இரண்டு வரியும் ஒரு முறை முழுதாக ஒலித்து, முதல் வரி இன்னொரு முறையும் வந்துவிடுகிறது.

## 4. வெட்டும் வேலை

போனிலேயே வெட்ட ஏராளமான செயலிகள் இருக்கின்றன. விளம்பரம் வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒலியின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் அலைவடிவத்தைப் பெரிதாக்கிக் காட்டாத, விநாடியின் நூறில் ஒரு பங்குவரை நகர்த்தவிடாத செயலியால் சுத்தமாக வெட்ட முடியாது. கணினி கிடைக்கும் என்றால் Audacity என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். நான் அதில்தான் செய்தேன்.

பாட்டைத் திறந்து, பல்லவி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எங்கள் பாட்டில் அலைவடிவம் பருத்து எழும் இடம் 1 நிமிடம் 12.40 விநாடி. அங்கே வெட்டினேன். மறுநாள் அப்பா கேட்டார்: "ஏம்பா, புள்ள யாரை அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுப் பாடுது?" பாட்டின் முதல் சொல் "கண்ணா". வல்லின எழுத்துகளின் ஒலி ஓர் அடைப்பிலிருந்து சட்டென்று வெடித்துப் பிறப்பது. அந்த வெடிப்பு மிகச் சிறியது, அதற்குப் பின்னால் வரும் உயிரெழுத்துதான் அலைவடிவத்தில் பெரிதாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த மேட்டில் வெட்டினால் க, ச, ட, த, ப எது முதலெழுத்தாக இருந்தாலும் அது போய்விடும், "கண்ணா" "அண்ணா" ஆகிவிடும். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கினால், மேட்டுக்குச் சற்று முன்னே சிறிய முள் போல ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் வெட்டுங்கள். நான் தொடக்கத்தை 0.05 விநாடி முன்னே நகர்த்தி 1:12.35 என்று வைத்தேன். நீளம் மாறாதிருக்க முடிவையும் அதே அளவு நகர்த்தி 1:32.35 என்று வைத்தேன். ஒரு முனையை மட்டும் நகர்த்தினால் தாளக் கணக்கு கெட்டுவிடும்.

தேர்ந்தெடுத்த பகுதியின் இரு முனைகளும் அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் அமைய வேண்டும். இல்லாவிட்டால் சுற்று மாறும்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். விசைப்பலகையில் Z எழுத்தை அழுத்தினால் Audacity தானே முனைகளை அருகிலுள்ள அத்தகைய இடங்களுக்கு நகர்த்திவிடும். பிறகு Ctrl+T அழுத்துங்கள். தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் மிஞ்சும். அதைச் சுழற்சியில் ஓடவிட்டு, கையால் தாளம் போட்டபடி ஐந்தாறு சுற்று கேளுங்கள். சேருமிடத்தில் கை தயங்கினால் கணக்கு தவறியிருக்கிறது.

பிறகு ஒலி அளவு. High-Pass Filter என்பதை எடுத்து 200 ஹெர்ட்ஸ் என்று கொடுங்கள். போனால் எப்படியும் ஒலிக்க முடியாத தாழ்ந்த ஒலி நீங்கிவிடும். அடுத்து Normalize எடுத்து -1 டெசிபல் கொடுத்தால், மிஞ்சிய குரல் அந்த இடத்தையும் நிரப்பி உயர்ந்து நிற்கும். இந்த வரிசையிலேயே செய்யுங்கள், மாற்றிச் செய்தால் பயன் குறைவு.

தொடக்கத்தில் மெல்ல எழும்பும் Fade In போட வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அழைப்புச் சத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் வசதி சில போன்களிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் முதல் சில விநாடிகள் ஊமையாகப் போய்விடும்.

## 5. சேமிக்கும் வடிவமும் உள்ளே எழுதும் பெயரும்

mp3 வடிவம் கோப்பின் முன்னும் பின்னும் நூலளவு மௌனத்தைச் சேர்த்துவிடும். ஒரே முறை கேட்கும் பாட்டில் அது தெரியாது, சுழன்று ஒலிக்கும் ரிங்டோனில் தெரியும். எனவே Ogg Vorbis வடிவில் சேமியுங்கள். ஆண்ட்ராய்டு அதைத் தடையின்றி ஏற்கும், 20 விநாடித் துண்டு அரை எம்பியைக்கூடத் தாண்டாது. சேமிக்கும்போது வரும் குறிப்புப் பட்டியலில் கீழ்க்கண்ட வரியைச் சேர்த்தால், போன் அதை இடைவெளி இல்லாமல் சுழற்றும். சம அடையாளத்துக்கு முன்னுள்ளதை Tag பத்தியிலும், பின்னுள்ளதை Value பத்தியிலும் எழுதுங்கள்.

```
ANDROID_LOOP=true
```

அதே பட்டியலில் Track Title என்ற இடத்தையும் மாற்ற மறக்காதீர்கள். ரிங்டோன் பட்டியலில் போன் காட்டுவது பெரும்பாலும் கோப்பின் பெயரை அல்ல, உள்ளே எழுதியிருக்கும் இந்தத் தலைப்பை. மாற்றாமல் விட்டால் முழுப் பாட்டும் வெட்டிய துண்டும் பட்டியலில் ஒரே பெயரில் நிற்கும். கடையில் எங்களுக்கு வைத்துக் கொடுத்தது முழுப் பாட்டைத்தான் என்பதைப் பிறகே கண்டுபிடித்தேன். "அப்பா ரிங் 20" என்பது போல உங்களுக்கே விளங்கும் பெயராக எழுதுங்கள்.

## 6. போனில் வைப்பது

கோப்பை யூஎஸ்பி கம்பி வழியாகப் போனின் உள் சேமிப்பகத்துக்கு நகலெடுங்கள். அங்கே Ringtones என்ற ஃபோல்டர் இருக்கும். இல்லையென்றால் அதே எழுத்துகளில் உருவாக்கிக்கொள்ளலாம். இந்தப் பெயருள்ள ஃபோல்டரில் இருக்கும் ஒலிகளைப் போன் தானாகவே ரிங்டோன் என்று எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டில் வைக்காதீர்கள்.

பிறகு Settings திறந்து, Sound பகுதிக்குள் Ringtone என்பதைத் தொடுங்கள். நீங்கள் எழுதிய தலைப்பு பட்டியலில் இருக்கும். இல்லாவிட்டால் போனை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு சிம் இருந்தால் பல போன்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புக்குரிய ஒலி வாட்ஸ்அப்பின் Settings பகுதியில் Notifications என்பதற்குள் தனியாக இருக்கிறது. போன் ரிங்டோனை மாற்றிவிட்டால் அதுவும் மாறிவிடும் என்று எண்ண வேண்டாம்.

ஒருவர் அழைத்தால் மட்டும் இந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்றால், தொடர்புப் பட்டியலில் அவர் பெயரைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு Set ringtone என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சிம்மில் சேமித்த பெயர்களுக்கு இந்த வசதி கிடைக்காது; முதலில் அந்தப் பெயரைப் போனிலோ கூகுள் கணக்கிலோ சேமித்துக்கொள்ளுங்கள்.

## 7. வைத்த ரிங்டோன் மாறிவிட்டால்

இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு பாட்டை ரிங்டோனாகத் தேர்ந்தெடுக்கும்போது போன் அந்தப் பாட்டை உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம். பாட்டு கேட்கும் செயலியிலிருந்தோ கோப்புப் பட்டியலிலிருந்தோ வைக்கும்போது, போன் குறித்துக்கொள்வது அந்தப் பாட்டின் முகவரியை மட்டுமே. அந்த முகவரியில் பாட்டு இல்லாமல் போனால், போன் எந்த அறிவிப்பும் தராமல் தன் சொந்த ஒலிக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அக்கா மகள் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கோப்பு வாட்ஸ்அப்பின் ஃபோல்டரிலேயே இருந்தது, வெட்டிய துண்டையும் அதே ஃபோல்டரில் போட்டு அங்கிருந்தே ரிங்டோனாக வைத்தேன். அப்பாவின் போனில் இடம் நிரம்பிவிட்டது என்று அறிவிப்பு வந்ததும், அவர் வாட்ஸ்அப்பில் வந்த பழைய படங்களையும் பாட்டுகளையும் மொத்தமாக அழித்திருக்கிறார். வெட்டிய துண்டும் அதோடு போய்விட்டது.

மாறியதைக் கண்டதும் அவசரப்பட்டு மறுபடி வைத்துவிடாதீர்கள், வைத்தால் தடயம் அழிந்துவிடும். முதலில் Settings வழியாக ரிங்டோன் பகுதிக்குப் போய், அங்கே என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருக்கும்.

உங்கள் பாட்டின் பெயரே இருக்கிறது, ஆனால் ஒலிப்பது வேறு என்றால் ரிங்டோன் மாறவில்லை. அழைப்பு இரண்டாவது சிம்முக்கு வந்திருக்கும், அல்லது வாட்ஸ்அப் அழைப்பாக இருந்திருக்கும், அல்லது அந்த ஒருவருக்கு மட்டும் தனி ஒலி வைக்கப்பட்டிருக்கும். ஒருவருக்கென வைத்த ஒலி எப்போதும் பொது ரிங்டோனை மீறும்.

Unknown என்றோ, பொருள் விளங்காத வெறும் எண்ணோ காட்டினால் முகவரி அறுந்திருக்கிறது. கோப்பை யாரோ அழித்திருப்பார்கள், மெமரி கார்டுக்கு நகர்த்தியிருப்பார்கள். சில போன்களில் கோப்பின் பெயரை மாற்றினாலே முகவரி அறுந்துவிடும். போனை அணைத்துப் போடும்போதெல்லாம் மாறுகிறது என்றால் பாட்டு மெமரி கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். போன் விழித்தெழும்போது கார்டு சற்றுத் தாமதமாகத்தான் படிக்கப்படும், அதற்குள் முகவரி காலி என்று போன் முடிவு செய்துவிடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: கோப்பை உள் சேமிப்பகத்தின் Ringtones ஃபோல்டரில் வைத்து, பட்டியலிலிருந்து மறுபடி தேர்ந்தெடுங்கள்.

போன் நிறுவனத்தின் சொந்த ஒலியின் பெயரோ, நீங்கள் கேள்விப்படாத வேறு பெயரோ தெளிவாக இருந்தால், எதுவோ ஒன்று அதை மாற்றி எழுதியிருக்கிறது. சில போன்களில் தீம் மாற்றினால் அதனோடு ரிங்டோனும் சேர்ந்து மாறும். ரிங்டோன் செயலிகளும் இதைச் செய்யும். Settings பகுதியில் Apps, அதற்குள் Special app access, அதற்குள் Modify system settings என்று போனால், போனின் அமைப்புகளை மாற்ற அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியல் கிடைக்கும். கடையில் வைத்துக் கொடுத்த ரிங்டோன் ஒரே வாரத்தில் மாறியதற்கான காரணத்தை இங்கேதான் கண்டேன்: வெட்டுவதற்காக அவர்கள் ஏற்றிய செயலி இந்த அனுமதியோடு அப்படியே போனில் இருந்தது. அனுமதியை நீக்கிவிட்டுச் செயலியையும் அழித்தேன். வெட்டுவதற்கு மட்டும் பயன்படும் செயலிக்கு இந்த அனுமதி தேவையே இல்லை; ஆறாம் படியில் சொன்னபடி நாமே கையால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் போனை அணைத்துப் போட்டு, பூட்டைத் திறந்து, ஒரு நிமிடம் விட்டு, இன்னொரு போனிலிருந்து இரண்டு சிம்முக்கும் அழைத்துப் பாருங்கள். எடுக்காமல் 30 விநாடியும் ஒலிக்கவிடுங்கள். சுற்று சேருமிடம் அப்போதுதான் காதில் விழும். கோப்பின் ஒரு நகலை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. போன் மாற்றும்போது, ஒருவருக்கென வைத்த ரிங்டோன் கூகுள் கணக்கோடு புதிய போனுக்கு வராது, அதையும் மறுபடி வைக்க வேண்டியிருக்கும். அப்பா சென்ற மாதம் போன் மாற்றியபோது, மின்னஞ்சலில் இருந்த கோப்பை எடுத்து Ringtones ஃபோல்டரில் போட்டுத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது.